முனைகள் சிவந்து நின்றால் சோக் போகவில்லை: ஏற்காட்டில் 1,850 ரூபாய் கொடுத்துக் கற்றது

ஏற்காட்டில் தனியாக வசிக்கும் என் மாமியார் வீட்டில் கடந்த டிசம்பர் மாதம் இரண்டு டியூப்லைட்டுகள் ஒரே வாரத்தில் தகராறு செய்தன. கூடத்து விளக்கு மாலை ஏழு மணிக்குப் போட்டால் எட்டுப் பத்து முறை கண் சிமிட்டிய பிறகே எரிந்தது. சமையலறை விளக்கோ இரண்டு முனைகளிலும் செம்மஞ்சளாகக் கனன்றதே தவிர நடுப்பகுதி இருண்டே கிடந்தது. உள்ளூரில் வயரிங் வேலை செய்பவர் ஒருவரை அத்தை வரவழைத்தார். வந்தவர் ஏணியில் ஏறி இரண்டையும் அரை நிமிடம் பார்த்துவிட்டு, "ரெண்டுலயும் சோக் போயிடுச்சும்மா, ஹால் டியூபும் வீக்கா இருக்கு" என்று சொல்லி, இரண்டு எலக்ட்ரானிக் சோக்கும் ஒரு புதிய டியூபும் மாட்டினார். சோக்குக்குத் தலா 450, டியூபுக்கு 350, கூலி 600 என மொத்தம் 1,850 ரூபாய் வாங்கிக்கொண்டார். போகும்போது பழைய செம்புக் கம்பிச் சோக்குகள் இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு, விலைபோகாத பழைய டியூபை மட்டும் பீரோவின் பின்னால் சாய்த்து வைத்துவிட்டுப் போனார்.

மார்ச் மாதம் சமையலறை விளக்கு அடியோடு எரியாமல் போனது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மோட்டார் ரீவைண்டிங் கடை நடத்தும் என் மைத்துனரை அழைத்துக்கொண்டு மலையேறினேன். அன்று மாலையும் மறுநாள் சேலத்தில் என் வீட்டிலும் நாங்கள் பார்த்தவற்றை விவரமாக எழுதுகிறேன். இதே வசனத்தைச் சொல்லி இதே வேலையைச் செய்பவர்கள் ஒருவர் மட்டும் இல்லை என்று மைத்துனர் சொன்னதுதான் இந்தப் பதிவுக்குக் காரணம்.

முதலில் சமையலறை விளக்கு. "மாமா, முனை ரெண்டும் சிவந்து நின்னதுன்னு அம்மா சொன்னாங்களே, அப்ப சோக் எப்படிப் போயிருக்கும்?" என்பதுதான் மைத்துனர் கேட்ட முதல் கேள்வி. பழைய வகை ஃபிட்டிங்கில் மின்சாரம் ஒரே வழியாகத்தான் ஓடுகிறது: சோக்கைக் கடந்து டியூபின் ஒரு முனையிலுள்ள இழைக்குள் நுழைந்து, அங்கிருந்து ஸ்டார்ட்டர் வழியாக மறுமுனை இழைக்குப் போய், நியூட்ரலைச் சேர்கிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் எங்குமே மின்சாரம் ஓடாது. சோக்கின் கம்பி அறுந்திருந்தால் முனைகளில் கனல் கூடத் தெரியாமல் விளக்கு முழுக்க இருண்டிருக்கும். சோக்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் குறுக்கிணைப்பு ஆகியிருந்தால் அளவுக்கு மீறிய மின்சாரம் பாய்ந்து இழைகள் கருகிப்போயிருக்கும். முனைகள் இரண்டும் அமைதியாகச் சிவந்து நிற்கின்றன என்றால் சோக்கும் இரண்டு இழைகளும் நன்றாக இருக்கின்றன என்றே பொருள். அங்கே தவறு செய்வது ஸ்டார்ட்டர் மட்டுமே.

ஸ்டார்ட்டருக்குள் வாயு நிரப்பிய சிறு கண்ணாடிக் குமிழ் ஒன்றும், வானொலி இரைச்சலைத் தடுக்கும் சிறு கண்டென்சர் ஒன்றும் இருக்கின்றன. சுவிட்சைப் போட்டதும் குமிழுக்குள் மெல்லிய ஒளிர்வு தோன்றி, அதன் சூட்டில் இரட்டை உலோகப் பட்டை வளைந்து எதிர் முனையைத் தொடுகிறது. தொட்டவுடன் டியூபின் இழைகள் வழியே மின்சாரம் ஓடி அவை சூடாகின்றன. தொட்ட நிலையில் ஒளிர்வு அணைந்துவிடுவதால் பட்டை ஆறி விலகுகிறது. விலகும் அந்தக் கணத்தில், சோக்கில் ஓடிக்கொண்டிருந்த மின்சாரம் திடீரென நிற்பதால், அதன் காந்தப்புலம் சரிந்து பல நூறு வோல்ட் அளவுக்கு ஓர் உதை எழுகிறது. டியூப் அந்த உதையில்தான் பற்றிக்கொள்கிறது. எரியத் தொடங்கிய பின் டியூபின் இரு முனைகளுக்கு இடையே சுமார் 100 வோல்ட் மட்டுமே நிற்பதால் ஸ்டார்ட்டர் மீண்டும் விழித்துக்கொள்வதில்லை. அதன் பிறகு சோக்குக்கு மின்சாரத்தை அளவோடு விடும் வேலை மட்டுமே. அது இல்லையென்றால் பற்றிக்கொண்ட டியூப் தானாகவே மேலும் மேலும் மின்சாரத்தை இழுத்து அழிந்துவிடும்.

ஸ்டார்ட்டரின் பட்டை எதிர் முனையோடு ஒட்டிக்கொண்டு விலகாமல் போனால், இழைகள் சூடாகிக்கொண்டே இருக்கும், உதை மட்டும் வராது. சமையலறையில் நடந்தது இதுதான். பழைய ஸ்டார்ட்டர் ஃபிட்டிங்கிலேயே, வயர் வெட்டப்பட்ட ஹோல்டரில், சும்மா உட்கார்ந்திருந்தது. எலக்ட்ரானிக் சோக்குக்கு ஸ்டார்ட்டர் தேவையில்லை என்பதால் அவர் அதைத் தொடவே இல்லை. அதைச் சேலத்துக்குக் கொண்டுவந்து, நன்றாக எரிந்துகொண்டிருந்த எங்கள் வீட்டுச் செம்புச் சோக் ஃபிட்டிங்கில் மாட்டினோம். அத்தை சொன்னது அப்படியே நடந்தது: முனைகள் கனன்றன, நடுவில் இருட்டு. மைத்துனர் மர முக்காலியில் ஏறி, உலர்ந்த கையால் ஸ்டார்ட்டரை மட்டும் கால் திருகு திருகி வெளியே இழுத்தார். இழுத்த மாத்திரத்தில் டியூப் பளிச்சென்று எரிந்தது. ஸ்டார்ட்டர் செய்யத் தவறிய விலகலைக் கை செய்தது, அவ்வளவுதான். ஐயம் தீர, டப்பாவைப் பிரித்துக் கண்டென்சரின் காலை வெட்டிவிட்டு மீட்டரில் பார்த்தோம்; அப்போதும் இணைப்பு விடவில்லை. குமிழுக்குள் பட்டைதான் ஒட்டியிருந்தது. இருபது ரூபாய்க்குள் முடிந்திருக்க வேண்டிய வேலை. (ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: முனைகள் சிவந்த நிலையில் விளக்கை மணிக்கணக்கில் விட்டுவைக்கக் கூடாது. அப்போது ஓடும் மின்சாரம் வழக்கமானதைவிட அதிகம் என்பதால் சோக்கும் சூடாகும், இழைகளும் தேயும்.)

கூடத்து விளக்கின் கதை வேறு, அதில் நான் அந்த வேலைக்காரர் மீது முழுப் பழியும் போட மாட்டேன். பீரோவின் பின்னால் கிடந்த "வீக்" டியூபையும் அதன் பழைய ஸ்டார்ட்டரையும் எங்கள் ஃபிட்டிங்கில் மாட்டியபோது இரண்டு நொடியில் எரிந்தது. முனைகளில் கருமையும் இல்லை. ஆக, டியூபும் நல்லது, ஸ்டார்ட்டரும் நல்லது. காரணம் முந்தைய நாள் மாலையே மைத்துனரின் மீட்டரில் தெரிந்திருந்தது: ஏழு மணிக்கு ஏற்காட்டு வீட்டில் 182 வோல்ட்தான் இருந்தது, மறுநாள் காலை 224. அழுத்தம் குறைந்தால் ஸ்டார்ட்டரின் ஒளிர்வும் வலுவிழந்து பட்டை வளையத் தாமதமாகிறது. சோக்கின் உதையும் சிறுத்துவிடுகிறது. அதோடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் டிசம்பர் இரவின் குளிர் சேர்ந்தால் டியூபுக்குள் இருக்கும் பாதரசம் போதிய அளவு ஆவியாவதில்லை. எனவே ஒரே உதையில் பற்ற வேண்டிய டியூப் எட்டு உதை கேட்கிறது. சேலத்தில் பழுதே இல்லாத ஒரு விளக்கு மலைமேல் பழுதானது போல் நடிக்கும் விதம் இது.

இத்தகைய இடத்தில் எலக்ட்ரானிக் சோக் நியாயமான தீர்வே. அது வீட்டு மின்சாரத்தை நேர்மின்சாரமாக்கி, பின் நொடிக்கு இருபதாயிரம் முறைக்கு மேல் அலையும் மின்சாரமாக மாற்றி டியூபுக்குக் கொடுக்கிறது. குறைந்த அழுத்தத்திலும் அது டியூபைப் பற்றவைத்துவிடும், செம்புச் சோக்கில் சூடாக வீணாகும் பத்து வாட் அளவும் பெரும்பாலும் மிச்சமாகும். "செம்புச் சோக்குன்னா துடிக்கத்தாம்மா செய்யும்" என்று அவர் அத்தையிடம் சொன்னதிலும் பாதி உண்மை உண்டு: செம்புச் சோக்கில் எரியும் டியூபின் ஒளி நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும், கைபேசிக் கேமராவில் அது பட்டை பட்டையாகத் தெரியும். ஆனால் அது எரிந்துகொண்டிருக்கும்போது உள்ள துடிப்பு. எரியத் தொடங்கும்முன் வரும் கண்சிமிட்டலுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. இரண்டையும் ஒன்றாகக் குழைத்துச் சொல்லித்தான் அவர் சோக்கை விற்றார்.

அவர் மாட்டிய சோக்கின் தரம் அடுத்த பிரச்சினை. பெயரோ ஐ.எஸ்.ஐ. முத்திரையோ இல்லாத, தீப்பெட்டி போல் கனமற்ற டப்பா அது. சுவிட்சைத் தட்டிய கணமே விளக்கு எரிந்ததாக அத்தை மகிழ்ந்துபோய்ச் சொல்லியிருந்தார். அந்த மகிழ்ச்சியில்தான் கேடு இருந்தது. நல்ல எலக்ட்ரானிக் சோக் முதலில் ஏறத்தாழ ஒரு நொடி இழைகளைச் சூடாக்கி, அதன் பிறகே உயர் அழுத்தத்தைக் கொடுக்கும். மலிவானவை பலவற்றில் அந்த ஏற்பாடு இருப்பதில்லை. குளிர்ந்த இழைமேல் நேராக உயர் அழுத்தத்தை மோதவிடுகின்றன. ஒவ்வொரு மோதலிலும் இழைமேல் பூசப்பட்ட பூச்சு கொஞ்சம் சிதறிக் கண்ணாடியில் படிகிறது. நாள் முழுக்க ஒரே முறை போட்டு அணைக்கும் கூடத்தில் இது உடனே தெரியாது. ஆனால் சமையலறையில் அத்தை ஒரு நாளைக்குப் பதினைந்து இருபது முறை சுவிட்சைத் தட்டுவார். அங்கே மாற்றப்படாமல் இருந்த பழைய டியூப், டிசம்பரில் முனை வெள்ளையாக இருந்தது, மார்ச்சில் இரு முனையிலும் கட்டைவிரல் அகலத்துக்குக் கருத்துச் செத்துக் கிடந்தது.

இப்போது கூடத்தில், சுவிட்சைப் போட்டு ஒரு நொடி கழித்து எரியும், முத்திரையுள்ள எலக்ட்ரானிக் சோக் ஒன்றை மாட்டியிருக்கிறோம். பீரோவின் பின்னாலிருந்த டியூபே அங்கே எரிகிறது. அவர் கூடத்துக்கு மாட்டிய புதிய டியூபைச் சமையலறைக்கு மாற்றி, மைத்துனர் கடையில் கிடந்த பழைய செம்புச் சோக்கும் புதிய ஸ்டார்ட்டரும் போட்டுவிட்டோம். மாலையில் இரண்டு மூன்று முறை சிமிட்டத்தான் செய்கிறது, அத்தை அதைப் பொருட்படுத்துவதில்லை.

யாராவது ஏணியில் ஏறிச் "சோக் போயிடுச்சு" என்றால், முனைகள் எரிகின்றனவா என்று கீழிருந்தே பாருங்கள், வேறு நல்ல ஸ்டார்ட்டர் ஒன்றைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் கழற்றிய சோக்கை உங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அதிலுள்ள செம்புக்கு எடைக்கடையில் விலை உண்டு, மீட்டர் வைத்துப் பார்த்தால் சில பத்து ஓம் காட்டி அது உயிரோடிருப்பதையும் சொல்லிவிடும். எங்கள் இரண்டு சோக்குகளைத் திருப்பிக் கேட்டு அந்த வேலைக்காரருக்கு மைத்துனர் தொலைபேசியில் பேசினார். "அது அன்னிக்கே எடைக்குப் போட்டாச்சுங்க" என்று பதில் வந்தது.