⁴⁰K⁺, ⁴⁰Ca²⁺: எங்கே ஒன்று, எங்கே வேறு?

இரண்டிலும் மேலே 40 இருப்பதால் உள்ளேயும் ஒன்றுதான் என்று நினைக்கத் தோன்றும். எண்ணிப் பார்த்தால் எலக்ட்ரான்கள் மட்டுமே ஒத்துப்போகின்றன.

முதலில் குறியீட்டின் எழுத்தைப் பாருங்கள். K என்றால் அணு எண் 19, ஆகவே 19 புரோட்டான். Ca என்றால் 20. நிறை எண் 40-இலிருந்து இதைக் கழித்தால் பொட்டாசியத்தில் 21 நியூட்ரான், கால்சியத்தில் 20.

அப்புறம் மின்சுமை. பலர் சறுக்குவது இங்கேதான்: கூட்டல் குறியைப் பார்த்ததும் எலக்ட்ரானைக் கூட்டிவிடுகிறார்கள். எலக்ட்ரானுக்கு எதிர்மின்சுமை, அதை இழந்தால்தான் அயனி நேர்மின்சுமை பெறும். எனவே 19 − 1 = 18, 20 − 2 = 18. சரிபார்க்க, புரோட்டானிலிருந்து எலக்ட்ரானைக் கழியுங்கள். மின்சுமையே விடையாக வர வேண்டும். K⁺-க்கு 20 எலக்ட்ரான் என்று எழுதியிருந்தால் விடை −1 வரும், தவறு உடனே தெரிந்துவிடும். நியூட்ரான் கணக்கில் மின்சுமைக்கு இடமே இல்லை.

இந்த ஜோடியை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ⁴⁰K கதிரியக்க ஐசோடோப்பு. பெரும்பாலும் அதன் கருவில் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறி, ⁴⁰Ca உருவாகிறது: 21 நியூட்ரான் 20 ஆகிறது, 19 புரோட்டான் 20 ஆகிறது, 40 மட்டும் அப்படியே நிற்கிறது.