டி.ஓ.டி கணக்கும் மூன்று வருஷக் கடுப்பும்

தேவகோட்டையில் பாத்திர மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் போன வாரம் கேட்டார். "அண்ணே, நீங்க வச்சிருக்கிற சாப்ட்வேர்ல ஸ்கீம் மாட்யூலும் சேர்த்து எடுக்கலாமா? இப்ப விலை குறைச்சிருக்காங்களாம்." போனில் ஒழுங்காகப் பதில் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நமக்குக் காரைக்குடியில் மசாலாப் பொடி தயாரிப்பு. சுற்றுவட்டாரக் கடைக்காரர்களுக்கு, வருஷம் முழுக்க எடுத்த சரக்கின் மொத்தத்தைப் பார்த்து, வருஷக் கடைசியில் டர்ன்ஓவர் டிஸ்கவுண்ட், அதாவது டி.ஓ.டி, உண்டு. இந்தக் கணக்கைப் போடுவதுதான் ஸ்கீம் மாட்யூல். 10 லட்சம் தாண்டினால் 1 சதவீதம், 25 லட்சம் தாண்டினால் 2, 40 லட்சம் தாண்டினால் 3. ஸ்லாபைத் தாண்டிய தொகைக்கு மட்டுமல்ல, முதல் ரூபாயிலிருந்தே அந்த சதவீதம். வில்லங்கமே அங்கேதான்.

முதல் வருஷம் பொன்னமராவதிப் பார்ட்டி ஒருவர் டிசம்பர் முடிய 24 லட்சத்துக்கு எடுத்திருந்தார். அவர் அதுவரை தொட்டிருந்த ஸ்லாப் 1 சதவீதம் என்பதால், மாசாமாசம் பில் போடப் போட, சாப்ட்வேர் மொத்தம் 24,000 ரூபாயைச் செலவில் எழுதி, பின்னால் கொடுக்க வேண்டிய தொகையாகப் புரோவிஷனில் ஒதுக்கி வைத்திருந்தது. ஜனவரியில் 2 லட்சத்துக்கு ஒரே பில். மொத்தம் 26 லட்சம் ஆனதும் 2 சதவீதமாக மாறி, கொடுக்க வேண்டியது 52,000 ஆகிவிட்டது. பாக்கி 28,000 ரூபாயும் அந்த ஒரு பில்லின் தலையில் ஏறியது. 2 லட்சம் சரக்குக்கு 14 சதவீதத் தள்ளுபடி! ஜனவரி லாபத்தைப் பார்த்துவிட்டு, மிளகாய் விலையில்தான் ஏமாந்துவிட்டோம் என்று இரண்டு நாள் கொள்முதல் பில்லையெல்லாம் புரட்டினேன்.

இதற்கு மருந்து அந்த மாட்யூலுக்குள்ளேயே இருந்தது. பார்ட்டி வருஷ முடிவில் எந்த ஸ்லாபைத் தொடுவார் என்று நாம் நினைக்கிறோமோ, அந்த சதவீதத்தை ஏப்ரலிலேயே அவர் பெயரில் போட்டுவிடலாம். அப்படிப் போட்டிருந்தால் டிசம்பரில் 48,000 ஒதுங்கியிருக்கும், ஜனவரி பில்லுக்கு 4,000 மட்டும்தான் ஏறியிருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்த மதிப்பீட்டைத் திருத்திக்கொள்கிறேன். இந்த ஒரு வசதிக்காக அந்தச் சாப்ட்வேரை எழுதியவருக்குக் கும்பிடு போடலாம். எங்கள் அப்பச்சி இதைத்தான் பேரேட்டு ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருப்பார்.

இப்போது கடுப்புக்கு வருகிறேன். இரண்டாம் வருஷம் அதே பார்ட்டி 29 லட்சத்தில் முடித்தார். புரோவிஷனில் 58,000 சரியாக நின்றது. ஏப்ரலில் கிரெடிட் நோட் போட வேண்டும். அதை விற்பனைப் பக்கத்தில், ஸ்கீம் திரையிலிருந்து தீர்த்தால் புரோவிஷன் பற்றாகி, பார்ட்டி கணக்கு வரவாகும். கணக்குப்பிள்ளை அவசரத்தில் நிதிப் பக்கத்தில் சாதாரண கிரெடிட் நோட்டாகப் போட்டுவிட்டார். அது புரோவிஷனைத் தொடவில்லை, தள்ளுபடிச் செலவைப் பற்று வைத்தது. பார்ட்டிக்குப் பணம் சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது, யாரும் புகார் சொல்லவில்லை. ஆனால் அதே 58,000 போன வருஷம் ஒரு முறை, இந்த வருஷம் ஒரு முறை என்று இரண்டு தடவை செலவாகிவிட்டது. கொடுத்து முடித்த கடன் ஐந்தொகையில் இன்னும் பொறுப்பாக உட்கார்ந்திருந்தது. ஸ்கீம் திரையிலும் 'நிலுவை' என்றே காட்டியது. இன்னொரு தடவை பொத்தானை அழுத்தியிருந்தால் இரண்டாவது கிரெடிட் நோட்டும் போயிருக்கும்.

ஜூனில்தான் கண்ணில் பட்டது. போன வருஷத்து ஸ்கீமெல்லாம் தீர்ந்த பிறகும் புரோவிஷன் பேரேட்டில் அந்த வருஷத்துத் தொகை நின்றால், எங்கேயோ கை தவறியிருக்கிறது என்று அர்த்தம். இப்போதெல்லாம் மாதக் கடைசியில் ஸ்கீம் நிலுவைப் பட்டியலையும் அந்த மாதம் போட்ட கிரெடிட் நோட்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் நான் வீட்டுக்குக் கிளம்புவதில்லை. தள்ளுபடிச் செலவுக் கணக்கில் நேரடிப் பதிவையும் பூட்டிவிட்டேன். அடுத்த மாதமே ஒரு கிரெடிட் நோட்டை 'இதர செலவு' என்று போட்டார் நம் ஆள். என்ன சொல்ல!

ஒரே சாப்ட்வேர், ஒரே பார்ட்டி, அதே 58,000. "இவருக்கு ஸ்கீம் நிலுவை இருக்கிறது, இங்கே போடலாமா?" என்று ஒரு வரி கேட்கக் கூடாதா? மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். "அடுத்த வெர்ஷனில் வரும் சார்."

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் ஜி.எஸ்.டியைக் குறைத்துக் கிரெடிட் நோட் போட்டபோது இருந்த விதிப்படி, தள்ளுபடி முன்கூட்டியே ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியிருந்தது, எந்தெந்தப் பில்லுக்கு என்று காட்ட வேண்டியிருந்தது, பார்ட்டியும் தன் வரவில் எடுத்த வரியைத் திருப்ப வேண்டியிருந்தது. அந்தப் பில் பட்டியலை மாட்யூல் ஒரு நிமிஷத்தில் எடுத்துத் தருகிறது. கையால் செய்தால் இரண்டு நாள். வரியைத் திருப்ப மாட்டேன் என்கிற பார்ட்டிக்கு ஜி.எஸ்.டி இல்லாமல் வெறும் கிரெடிட் நோட்டாகவும் போட முடிகிறது.

சரி, வாங்கலாமா? உங்களுக்கு எட்டுப் பார்ட்டிதானே தம்பி. நோட்டுப் போதும், வாங்காதீர்கள். நானா? போன மாதம்தான் அடுத்த வருஷத்துக்கும் சேர்த்துப் பணம் கட்டினேன்.