பட்ஜெட் விளக்கத்தை யார் ஆங்கிலமாக்குவது: வெளி மொழிபெயர்ப்பாளரா, நம் கணக்காளரா?

ராமநாதபுரம் பக்கம் கண்மாய்ப் பராமரிப்பு வேலை செய்யும் சின்ன அறக்கட்டளை எங்களுடையது. ஐரோப்பாவில் உள்ள ஒரு நிதி நிறுவனத்துக்கு இரண்டு முறை விண்ணப்பித்தோம். திட்டத்தையும் பட்ஜெட்டையும் தமிழில்தான் எழுதுவோம், பிறகு ஆங்கிலமாக்குவோம். முதல் முறை பட்ஜெட் விளக்கத்தை வெளியில் ஒரு மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தோம். இரண்டாம் முறை எங்கள் கணக்காளர் அக்காவும் நானும் உட்கார்ந்து வரி வரியாகச் செய்தோம். இனி எப்போதும் இரண்டாவது வழிதான் என்று முடிவு செய்திருக்கிறேன். காரணம் ஆங்கிலத்தின் தரம் இல்லை. பணம் வந்த பிறகு அந்த ஆவணத்தோடு நாம் ஒன்றரை வருடம் குடித்தனம் நடத்த வேண்டியிருக்கிறது என்பதுதான்.

வெளியில் கொடுப்பதன் வசதியை மறுக்க முடியாது. 7 பக்கத்துக்குச் சொல்லுக்கு 2 ரூபாய் வீதம் 4,200 ரூபாய் ஆனது, இரண்டு நாளில் வந்துவிட்டது. வாக்கியங்கள் நாங்கள் எழுதுவதைவிடச் சுத்தமாக இருந்தன. நாங்களே செய்தபோது நான்கு நாள் போனது, அக்காவின் மாத முடிவுக் கணக்கு தள்ளிப்போனது. நேரமும் காசும் மட்டும் பார்த்தால் வெளியார்தான் லாபம்.

ஆனால் பட்ஜெட் விளக்கம் என்பது ஒவ்வொரு தொகையும் எப்படி வந்தது என்று சொல்லும் ஆவணம். தமிழ் மூலத்தில் நாங்கள் எழுதியிருந்தது இவ்வளவுதான்: ‘கண்காணிப்புப் பயணம், உத்தேசமாக ரூ.43,200’. மொழிபெயர்ப்பாளர் ‘உத்தேசமாக’ என்பதை ஆங்கிலத்தில் நேர்மையாகப் போட்டுவிட்டார். அவர் வேறு என்ன செய்ய முடியும்? கணக்கு அக்காவின் தலைக்குள் இருந்தது. இரண்டாம் முறை அதே வரி வந்தபோது, “இது எப்படி வந்துச்சுக்கா?” என்று கேட்டேன். மாதம் 8 பயணம், ஒரு பயணத்துக்குப் போக வர 60 கிலோமீட்டர், பைக்குக்குக் கிலோமீட்டருக்கு 5 ரூபாய், 18 மாதம் என்று மூச்சுவிடாமல் சொன்னார். பெருக்கினால் சரியாக 43,200. அது உத்தேசமே இல்லை. ஒரு யூரோ 90 ரூபாய் என்று முதல் பக்கத்திலேயே குறித்துவிட்டதால், பக்கத்தில் 480 யூரோ என்று எழுத முடிந்தது. முதல் விண்ணப்பத்துக்கு 11 கேள்விகள் திரும்பி வந்தன, இரண்டாவதற்கு 2. படிப்பவருக்கு எங்களை ஏற்கனவே தெரிந்திருந்ததும் இதில் கொஞ்சம் உதவியிருக்கும்.

அந்த 11 கேள்விகளில் என்னை அதிகம் பதறவைத்தது மதிப்பூதியம் பற்றியது. 12 கண்மாய்களுக்கு ஊர்க்காரர் ஒருவர் வீதம் பொறுப்பாளர், மாதம் 3,000 ரூபாய், 18 மாதத்துக்கு 6,48,000. மொழிபெயர்ப்பில் அது ‘சாலரி’ ஆகியிருந்தது. ஊதியம், மதிப்பூதியம், தொகுப்பூதியம், ஊக்கத்தொகை எல்லாம் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே சம்பளமாகத் தெரியலாம். உடனே கேள்வி வந்தது: இவர்களுக்கு வருங்கால வைப்பு நிதி எங்கே? எங்கள் ஊழியர்கள் 9 பேர். இந்த 12 பேரும் ஊழியர்கள் என்றால் 21. வைப்பு நிதிச் சட்டம் 20 பேரில் தொடங்குகிறது. ஒரு சொல்லால் எல்லைக்கு அந்தப் பக்கம் போய் நின்றோம். ‘ஆனரேரியம்’ என்று எழுதிவிட்டால் சட்டம் ஒதுங்கிக்கொள்ளும் என்று நான் சொல்லவில்லை. வேலை உண்மையில் எப்படி நடக்கிறது, யார் யாருடைய கட்டுப்பாட்டில் இருக்கிறார் என்பதைத்தான் பார்ப்பார்கள். அதைத் தணிக்கையாளரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் மாதம் நான்கு நாள் மடையைப் பார்த்துக் குறிப்பேட்டில் நீர்மட்டம் எழுதும் ஒரு விவசாயியை, நம் ஆவணமே முழுநேர ஊழியர் என்று சொல்லக் கூடாது.

‘இதர செலவு 18,000’ என்பதை எந்த மொழியில் எழுதினாலும் அடித்துவிடுவார்கள். அதை நகல், தபால், வங்கிக் கட்டணம் என்று பிரித்துவிடுங்கள்.

இனி நான் முடிவெடுக்கக் காரணமான விஷயம். முதல் பட்ஜெட்டில் ‘கண்காணிப்பு’ என்ற சொல் இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று மேலே சொன்ன பயணம். இன்னொன்று ‘கண்காணிப்பு, மதிப்பீடு’ என்று திட்ட முடிவில் வெளியாள் வந்து பார்ப்பதற்கான 60,000. மொழிபெயர்ப்பாளர் முதலாவதை ‘சூப்பர்விஷன்’ என்றும், இரண்டாவதை ‘மானிட்டரிங் அண்ட் எஸ்டிமேஷன்’ என்றும் போட்டார். மதிப்பீடு என்றால் தமிழில் செலவுக் கணிப்பும் உண்டு, விளைவைச் சீர்தூக்குவதும் உண்டு. அவர் கண்ணில் பட்டது முதல் பொருள். எஸ்டிமேட் போடவா 60,000 என்று கேட்டார்கள், பதில் சொல்லிச் சமாளித்தோம். ஒப்பந்தம் அதே தலைப்புகளோடு கையெழுத்தானது.

ஆறு மாதம் கழித்து முதல் நிதி அறிக்கை. டாலியில் எங்களிடம் இருந்தது ‘கண்காணிப்பு’ என்ற ஒரே லெட்ஜர். ஒப்பந்தத்தில் இரண்டு தலைப்பு. பைக் பெட்ரோல், பொறுப்பாளர் கூட்டத்துக்கான பஸ் கட்டணம், நடுவில் ஒரு ஆலோசகர் வந்துபோன செலவு எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. எந்தத் தலைப்பிலும் 10 சதவீதத்துக்கு மேல் மாறினால் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம். ஆகவே குத்துமதிப்பாகப் பிரிக்க வழியில்லை. ஆறு மாத வவுச்சரையும் தரையில் பரப்பி, ஒவ்வொன்றின் பின்னும் எந்த ஊர், எதற்காக என்று பார்த்துப் பிரித்தோம். மூன்று வவுச்சருக்கு யாருக்கும் நினைவில்லை. அந்தச் செலவை நிதியில் காட்டாமல் அறக்கட்டளையின் சொந்தப் பணத்தில் ஏற்றினோம். ஒவ்வொரு அரையாண்டும் இதே பாடு.

இரண்டாம் முறை அக்கா பக்கத்தில் இருந்ததால் வேலை தலைகீழாக நடந்தது. ஆங்கிலத் தலைப்பு முடிவானதும் அதே எண்ணோடு டாலியில் லெட்ஜர் திறந்தார். விளக்கத்தில் 2.3 என்றால் வவுச்சரிலும் 2.3. தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பெயர், எண் மூன்றும் ஒரே எக்செல் தாளில் இருக்கின்றன. போன முறை நான்கு நாள் எடுத்த அரையாண்டு அறிக்கை இந்த முறை ஒரு மதியத்தில் முடிந்தது. விண்ணப்பத்தில் கூடுதலாகச் செலவான நாட்கள் முதல் அறிக்கையிலேயே திரும்பிவிட்டன.

அதே தாளில் இன்னொரு பத்தியும் வைத்தோம். நிதி கொடுப்பவர் சொல்லும் மறைமுகச் செலவும் நம் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் சொல்லும் நிர்வாகச் செலவும் ஒன்றல்ல. அவர்கள் எங்களுக்கு அனுமதித்தது 7 சதவீதம். இங்கே சட்டத்தின் உச்சவரம்பு 2020 திருத்தத்துக்குப் பிறகு 50-லிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. அலுவலக வாடகை, கணக்கு எழுதும் செலவு, அறிக்கை தயாரிக்கும் செலவு எல்லாம் அதற்குள் வரும். தமிழில் இரண்டுக்கும் ‘நிர்வாகச் செலவு’ என்றே எழுதினால் மொழிபெயர்ப்பில் இரண்டும் கலந்துவிடும். எந்த வரி எந்தக் கணக்கில் சேரும் என்று சொல்லத் தெரிந்தவர் கணக்காளர் மட்டுமே.

வெளியாரை முழுக்க ஒதுக்கவும் இல்லை. திட்டத்தின் கதைப் பகுதியை இப்போதும் அவரிடம்தான் கொடுக்கிறோம், அதில் அவர் கை எங்களுடையதைவிடப் பல மடங்கு மேல். பட்ஜெட் விளக்கத்தையும் முடித்த பிறகு அவருக்கு அனுப்பி, தலைப்புகளையும் எண்களையும் தொடாமல் இலக்கணம் மட்டும் பார்க்கச் சொன்னோம். அதற்கு 1,000 ரூபாய். அவரே ஒரு நல்ல பிழையையும் பிடித்தார்: தொகைகளை 6,48,000 என்று நம் வழக்கப்படி விட்டிருந்தோம், அங்கே படிப்பவருக்கு அது 648,000 என்று இருக்க வேண்டும்.

என் அனுபவம் ஒரே நிறுவனத்தோடு இரண்டு விண்ணப்பம், இரண்டும் கோடிக்குக் கீழ். சொந்த பட்ஜெட் படிவத்தையும் தலைப்புப் பட்டியலையும் திணிக்கும் பெரிய நிதிகளுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆங்கிலம் தெரிந்த ஒருவரும் பொறுமையுள்ள கணக்காளரும் ஒரே அலுவலகத்தில் இல்லாவிட்டால், வெளியாரையே அழைத்துக் கணக்காளர் பக்கத்தில் இரண்டு நாள் உட்கார வைத்துப் பார்க்கலாம். எங்கள் அடுத்த விண்ணப்பம் மார்ச்சில். இந்த முறை அக்கா தமிழ் மூலத்திலேயே ‘உத்தேசமாக’ என்று வரும் இடங்களையெல்லாம் பென்சிலால் சுழித்து வைத்திருக்கிறார்.