அரிக்கும் கண்ணுக்கு மூன்று வகைச் சொட்டு மருந்து: எது கண் அழுத்தத்தை ஏற்றும்?

கண் அரிப்புக்கு ஒருமுறை ஸ்டீராய்டு சொட்டு விட்டுப் பார்த்தவருக்கு, அதன்பிறகு வேறு எந்தச் சொட்டும் மருந்தாகவே தெரியாது. ராத்திரி முழுக்கக் கசக்கிச் சிவந்த கண், இரண்டு நாளில் வெளுத்து நிற்கும். அரிப்பு போன இடம் தெரியாது. பாட்டிலைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்வார்கள். அடுத்த முறை கண் அரித்தால் மருத்துவர் எதற்கு, பாட்டில்தான் இருக்கிறதே!

சிக்கல் தொடங்குவது இங்கேதான். ஒவ்வாமையால் வரும் கண் அரிப்பு ஒரு வாரத்தில் முடிகிற வியாதி இல்லை. மாதக்கணக்கில் இழுக்கும், போய்விட்டுத் திரும்ப வரும். அதற்கு விடும் சொட்டும் மாதக்கணக்கில் இழுக்கும். ஆகவே எந்த மருந்து வேகமாகக் கேட்கிறது என்று மட்டும் பார்த்தால் போதாது. மூன்று மாதம் விட்டால் கண்ணுக்குள் என்ன ஆகும் என்றும் பார்க்க வேண்டும்.

ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். கற்பனைப் பையன்தான், ஆனால் இந்தக் கதை கண் மருத்துவத்தில் இருப்பவர்களுக்குப் புதிதல்ல. வயது 16. சின்ன வயதிலிருந்து கண் அரிப்பு. ஒருமுறை ரொம்ப மோசமானபோது மருத்துவர் டோப்ராமைசினும் டெக்ஸாமெத்தசோனும் கலந்த சொட்டை எழுதிக் கொடுத்தார். முதல் வாரம் நாளைக்கு நான்கு முறை, அப்புறம் குறைத்து நிறுத்த வேண்டும், திரும்பி வந்து காட்ட வேண்டும். கண் சரியாகிவிட்டது, பையன் திரும்பிப் போகவில்லை. அரிப்பு வரும்போதெல்லாம் காலி பாட்டிலைக் கடையில் காட்டி அதையே வாங்கினான். வீட்டில் அதற்குப் பெயர் 'ஆன்டிபயாடிக் சொட்டு'. கலவையின் முதல் பெயர் அதுதானே. இரண்டாவது பெயர்தான் ஸ்டீராய்டு, அதை யாரும் படிக்கவில்லை. எட்டு மாதம் இப்படியே ஓடியது.

உள்ளே என்ன நடக்கிறது

கண்ணின் முன்பகுதியில் ஒரு தெளிவான நீர் ஓயாமல் சுரந்து, ஓயாமல் வடிந்துகொண்டே இருக்கிறது. இது அழும்போது வரும் கண்ணீர் இல்லை, கண்ணுக்குள்ளேயே ஓடுவது. முன்னால் கண்ணாடி போல நிற்கும் கருவிழியும் அதன் பின்னால் நிறமாகத் தெரியும் திரையும் சேரும் மூலையில் சல்லடை மாதிரி ஒரு திசு இருக்கிறது. நீரில் பெரும்பகுதி அதன் வழியாகத்தான் வெளியேறும். சுரப்பும் வடிதலும் சமமாக இருக்கும்வரை அழுத்தம் 10-லிருந்து 21 மி.மீ. பாதரசத்துக்குள் நிற்கும்.

ஸ்டீராய்டு சுரப்பைக் கூட்டுவதில்லை, வடிகாலைத்தான் கெடுக்கிறது. சல்லடைத் திசுவின் செல்கள் விறைக்கின்றன, இடுக்குகளில் கசடு சேர்கிறது, அந்தக் கசடை விழுங்கிச் சுத்தம் செய்யும் வேலையும் மந்தமாகிறது. நாள்பட நாள்பட நீர் தேங்கி அழுத்தம் ஏறுகிறது. பெரும்பாலும் இரண்டிலிருந்து ஆறு வாரத்துக்குள் ஏறத் தொடங்கும். குழந்தைகளுக்கு அதற்கு முன்பே ஏறலாம்.

வலிக்காதா என்று கேட்கலாம். வலிக்காது. அழுத்தம் சட்டென்று எகிறினால்தான் வலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வளையம் எல்லாம். மெல்ல மெல்ல ஏறும்போது பெரியவர்களுக்குப் பொதுவாக எதுவுமே தெரியாது. பார்வை நரம்பு ஓரத்திலிருந்து தேயும், நடுப்பார்வை கடைசிவரை தெளிவாக இருக்கும். அந்தப் பையன் கடைசி வரி எழுத்துவரை படித்துக் காட்டியிருப்பான்.

எல்லோருக்கும் இப்படி ஏறுவதில்லை. 1960-களில் ஆர்மலி, பெக்கர் என்ற இரு மருத்துவர்கள் தனித்தனியாக, வீரியமான ஸ்டீராய்டு சொட்டைச் சில வாரங்கள் விட்டு அழுத்தத்தை அளந்து பார்த்தார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு ஏற்றம் அற்பம். மூன்றில் ஒருவருக்கு 6-லிருந்து 15 மி.மீ. வரை ஏறியது. நூற்றில் ஐந்தாறு பேருக்கு 15-க்கும் மேல் எகிறியது. நாம் எந்தக் கூட்டம் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஏற்கெனவே கண் நீர் அழுத்த நோய் உள்ளவர்கள், பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ அது உள்ளவர்கள், அதிக மைனஸ் பவர் கண்ணாடி போடுபவர்கள், சர்க்கரை நோயாளிகள், குழந்தைகள் ஆகியோருக்கு வாய்ப்பு கூடுதல். 'எங்க அண்ணன் வருஷக்கணக்கா விடுறான், ஒண்ணும் ஆகல' என்பது அண்ணனுக்கு மட்டும் பொருந்தும்.

மூன்றையும் பக்கத்தில் வைத்தால்

முதலாவது, வீரியமான ஸ்டீராய்டுகள்: டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரட்னிசோலோன் அசிடேட், டைஃப்ளுபிரட்னேட். வேகத்தில் இவற்றை மிஞ்ச ஆளில்லை. அழுத்தத்தை ஏற்றுவதிலும் இவைதான் முன்னணி. கண்ணுக்குள் நன்றாக ஊடுருவுவதுதான் இவற்றின் பலம். ஆனால் அரிப்பு இருப்பது கண்ணின் மேல்பரப்பில், இமையின் உள்பக்கத்தில். அதற்குப் போய் உள்ளே இறங்கும் மருந்தை மாதக்கணக்கில் விடுவது வேண்டாத வேலை.

இரண்டாவது, மென்மையான ஸ்டீராய்டுகள். ஃப்ளூரோமெத்தலோன் கண்ணுக்குள் குறைவாகவே இறங்குகிறது. லோட்டெபிரட்னாலின் அமைப்பே வேறு. வேலையை முடித்ததும் கண்ணில் உள்ள நொதிகள் அதை உடைத்துச் செயலற்றதாக ஆக்கிவிடும். 28 நாளோ அதற்கு மேலோ விட்டவர்களில், அழுத்தம் 10 மி.மீ.க்கு மேல் ஏறியது லோட்டெபிரட்னாலில் நூற்றுக்கு இரண்டு பேருக்கு, பிரட்னிசோலோன் அசிடேட்டில் ஏழு பேருக்கு. வித்தியாசம் பெரிதுதான், ஆனாலும் இரண்டு என்பது பூஜ்யம் அல்ல. பத்து நாளைத் தாண்டி விட்டால் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும் என்று லோட்டெபிரட்னாலின் குறிப்புத்தாளே சொல்கிறது. ஃப்ளூரோமெத்தலோனும் குழந்தைகளிடம் கணிசமாக ஏற்றியதுண்டு. 'மைல்டு ஸ்டீராய்டுதான், பயமில்லை' என்று சொல்லிக் கொடுக்கப்படுவதால், இவற்றைத்தான் ஜனங்கள் அதிக நாள் விட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

மூன்றாவது, ஸ்டீராய்டே இல்லாத சொட்டுகள். ஓலோபட்டாடின், கீட்டோடிஃபென் போன்றவை ஒவ்வாமையின் ஆரம்பத்திலேயே கைவைக்கும். அரிப்பு சில நிமிடங்களில் குறையத் தொடங்கும், நாளைக்கு ஓரிரு முறை போதும், அழுத்தம் ஏறாது. மாதக்கணக்கில் இழுக்கும் சாதாரண அரிப்புக்கு என் ஓட்டு இதற்குத்தான், கூடவே குளிர்ந்த ஒத்தடமும் செயற்கைக் கண்ணீரும். குறை என்னவென்றால், கண் ஏற்கெனவே நெருப்பாகச் சிவந்து வீங்கியிருந்தால் இது மட்டும் போதாது. ஸ்டீராய்டு ருசி கண்டவர்கள் 'இது கேக்கல' என்று நாலே நாளில் தூக்கிப் போடுவது அதனால்தான்.

கடுமையான, திரும்பத் திரும்ப வருகிற வகைக்கு சைக்ளோஸ்போரின் சொட்டும் டாக்ரோலிமஸ் களிம்பும் உண்டு. ஸ்டீராய்டை நிறுத்த முடியாமல் தவிப்பவர்களை மீட்க மருத்துவர்கள் இவற்றைத்தான் எடுக்கிறார்கள். அழுத்தத்தை ஏற்றாது. ஆனால் விட்டதும் எரியும், முழுப் பலன் தெரிய வாரங்கள் ஆகும், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து என்பதால் இதையும் தானாக வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது.

வீரியமான ஸ்டீராய்டுக்கு இடமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். கண்ணுக்குள் வரும் அழற்சி, கண்புரை அறுவைக்குப் பிந்தைய வாரங்கள், மாற்றிய கருவிழியை உடல் நிராகரிக்கும் நேரம் போன்ற இடங்களில் அதைத் தவிர்ப்பதுதான் ஆபத்து. ஒவ்வாமையே எல்லை மீறினாலும் சில நாள் கொடுத்து அடக்குவார்கள். அங்கெல்லாம் ஆரம்பிக்கும் முன் ஒரு அழுத்த அளவு, இரண்டு வாரத்தில் ஒன்று, தொடர்ந்தால் மாதம் ஒன்று என்று அழுத்தம் அளக்கும் டோனோமீட்டரும் கூடவே நடக்கும். அளக்க ஓரிரு நிமிடம்தான் ஆகும். கடையில் வாங்கி விடும்போது விடுபட்டுப்போவது இந்த ஓரிரு நிமிடம். அதோடு விளக்கு வெளிச்சத்தில் கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் பரிசோதனையும் விடுபடும். சிவப்புக்குக் காரணம் ஹெர்பிஸ் வைரஸோ பூஞ்சையோ என்றால் ஸ்டீராய்டு அதற்குத் தீனி போட்ட கணக்கு. கருவிழியில் புண் ஆழமாகிவிடும்.

பாட்டில் கணக்கு

எத்தனை நாளாக விடுகிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலோர் 'கொஞ்ச நாளா' என்பார்கள். பாட்டிலைக் கேட்பது மேல். 5 மி.லி. பாட்டிலில் நூறிலிருந்து நூற்றிருபத்தைந்து சொட்டு வரும். இரண்டு கண்ணுக்கும் நாளைக்கு நான்கு முறை என்றால் எட்டுச் சொட்டு. ஒரு பாட்டில் ஏறக்குறைய இரண்டு வாரம். மூன்றாவது பாட்டிலைத் திறக்கும்போது நான்கு வாரம் தாண்டியாயிற்று, அதாவது அழுத்தம் ஏறும் காலத்தின் நடுவே நிற்கிறீர்கள்.

நம் பையன் இடைவெளி விட்டு விட்டு எட்டு மாதத்தில் பத்துப் பாட்டில் முடித்திருந்தான். கண்ணாடி பவர் பார்க்கப் போன இடத்தில் அழுத்தத்தை அளந்தார்கள். வலது கண் 34, இடது 31. பார்வை நரம்பின் நடுக்குழி வலதில் நரம்பின் அகலத்தில் பத்தில் ஏழு பங்குக்கு விரிந்திருந்தது. பார்வைப் புலப் பரிசோதனையில் வலது கண்ணின் மேல்பாதியில் வில் போல ஒரு இருட்டு. அவனுக்கு அது இருப்பதே தெரியாது, இடது கண் ஈடு கட்டிக்கொண்டிருந்தது.

மருத்துவர் டெக்ஸாமெத்தசோனை நிறுத்திவிட்டு ஓலோபட்டாடினும் சைக்ளோஸ்போரினும் எழுதினார். அழுத்தத்தைக் குறைக்க வழக்கமாக முதலில் கைக்கு வரும் டிமோலோலை எழுதும் முன், இழுப்பு உண்டா என்று கேட்டார். உண்டு என்றான். ஒவ்வாமைக் கண்ணும் ஆஸ்துமாவும் அடிக்கடி ஜோடியாக வரும், டிமோலோல் சொட்டு மூச்சுக்குழாயை இறுக்கும். ஆகவே டார்சோலமைடு கொடுத்தார். நான்கு வாரத்தில் அழுத்தம் 18-க்கு இறங்கியது. ஸ்டீராய்டை நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களில் இறங்கிவிடும். ஆண்டுக்கணக்கில் விட்டவர்களில் சிலருக்கு இறங்காமலேயே நின்றுவிடுவதும் உண்டு, அவர்களுக்கு அறுவை வரை போக நேரிடும். பையனின் அழுத்தம் இறங்கியது, அந்த வில் இருட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. தேய்ந்த நரம்பு திரும்ப வளராது.

உங்கள் வீட்டுப் பாட்டிலின் சிறிய எழுத்தைப் படித்துப் பாருங்கள். 'சோன்' அல்லது 'லோன்' என்று முடியும் பெயர் இருந்தால் ஸ்டீராய்டாக இருக்க வாய்ப்பு அதிகம். லோட்டெபிரட்னாலும் டைஃப்ளுபிரட்னேட்டும் இந்த வழிக்கு அடங்காது, அவற்றைப் பெயரோடு நினைவில் வையுங்கள். அறுவைக்குப் பிறகோ உள் அழற்சிக்கோ மருத்துவர் எழுதியது என்றால் இதைப் படித்துவிட்டு நீங்களே நிறுத்த வேண்டாம், படிப்படியாகக் குறைக்காவிட்டால் அழற்சி இன்னும் மோசமாகத் திரும்பும். தானாக வாங்கியது என்றால் இந்த வாரமே பாட்டிலோடு போய் அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். இது எத்தனையாவது பாட்டில் என்பதைக் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள்.