புதுவரவுப் பட்டியலா, ஒரே புத்தகம் பற்றிய கடிதமா?

சிங்கப்பூரின் தேக்காவில் ஒரு சிறிய தமிழ்ப் புத்தகக் கடை, கையில் 400 மின்னஞ்சல் முகவரிகள் என்று வைத்துக்கொள்வோம். ஒருமுறை வாங்கியவர் மறுபடி படியேற வேண்டும். அதற்கு வாரந்தோறும் 30 அட்டைப்படங்களோடு புதுவரவுப் பட்டியல் அனுப்பலாம், அல்லது மாதம் இருமுறை ஒரே ஒரு புத்தகத்தைப் பற்றிக் கடிதம் எழுதலாம்.

பட்டியல் போடுவது சுலபம். ஆனால் அதைப் பார்ப்பவர் "பரவாயில்லை, நிறைய வந்திருக்கிறது" என்று நினைத்துக்கொண்டு மூடிவிடுகிறார்; இந்த வாரமே வர அதில் காரணம் எதுவும் இல்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. மடலின் உரையும் வடிவமைப்புக் குறியீடும் சேர்ந்து சுமார் 102 கிலோபைட்டைத் தாண்டினால் ஜிமெயில் மிச்சத்தை மறைத்துவிடும். தமிழ் இதில் சீக்கிரம் மாட்டும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். 'பு' என்ற ஓரெழுத்துக்கே 6 பைட் ஆகிறது. மறைவது மடலின் அடிப்பகுதி, 'இனி அனுப்ப வேண்டாம்' என்ற இணைப்பு இருப்பதும் அங்கேதான். அது கண்ணில் படாதவர் 'ஸ்பேம்' பொத்தானை அழுத்துவார். அப்படிச் சிலர் அழுத்தினாலே, விரும்பிப் படிப்பவர்களுக்கும் நம் மடல் குப்பைப் பெட்டிக்குப் போகத் தொடங்கும்.

கடிதத்தில் வேலை அதிகம். கடையில் ஒருவர் புத்தகத்தை உண்மையிலேயே படித்திருக்க வேண்டும். யாருக்குப் பிடிக்கும், யாருக்குப் பிடிக்காது என்று 150 சொற்களில் சொல்லிவிட்டு, கடைசியில் இப்படி எழுதலாம்: "12 பிரதிகள் வந்திருக்கின்றன. வேண்டுமென்றால் 'எடுத்து வையுங்கள்' என்று பதில் போடுங்கள். ஞாயிறு இரவு வரை உங்கள் பெயரில் இருக்கும்." பதில் போட்டவருக்குக் கடையில் ஒரு பொருள் காத்திருக்கிறது, வாங்கிக்கொள்ள ஒரு நாளும் இருக்கிறது. வந்தவர் பக்கத்து அலமாரியையும் பார்ப்பார். பதின்மூன்றாவது ஆள் கேட்டால் தீர்ந்துவிட்டது என்று சொல்லிப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து அடுத்த பெட்டி வந்ததும் அவர்களுக்கு மட்டும் எழுதலாம்.

கடிதம் தோற்பது ஆள் மாறிப் போகும்போது. பிள்ளைகளுக்குக் கதைப்புத்தகம் வாங்கும் அம்மாவுக்கு இரண்டுமுறை நவீனக் கவிதை போனால் அவர் விலகிவிடுவார். ஆகவே கல்லாவில் முகவரி வாங்கும்போதே மடல் அனுப்பச் சம்மதம் கேளுங்கள் (தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதை எதிர்பார்க்கிறது). அப்புறம், சிறுவர் நூலா பெரியவர் நூலா என்பதையும் கேட்டுக் குறித்துவிடுங்கள்.

எது மேல் என்று பார்க்க, எத்தனை பேர் மடலைத் திறந்தார்கள் என்ற கணக்கை நம்பாதீர்கள். 2021-இல் ஆப்பிள் கொண்டுவந்த மாற்றத்துக்குப் பிறகு, படிக்காத மடலும் திறந்ததாகவே கணக்கில் ஏறலாம். 200 பேருக்குப் பட்டியல், 200 பேருக்குக் கடிதம் என்று மூன்று மாதம் அனுப்பி, பணம் வாங்கும்போது முகவரியைக் கேட்டுக் குறியுங்கள். நான்கைந்து பேர் வித்தியாசம் வெறும் தற்செயலாக இருக்கலாம். அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

என் தேர்வு கடிதம்தான். பட்டியலை மாதம் ஒருமுறை, பள்ளி ஆசிரியர்களுக்கு மட்டும் அனுப்புவேன்; மொத்தமாகப் பார்த்து வாங்குபவர்கள் அவர்கள்.