வீட்டுக்கு வந்து குரூமிங் செய்கிறவர்கள் அனுப்பும் 'பாதம் முடிந்தது' போட்டோவை நம்பிக் காசு கொடுக்காதீர்கள்

கோவையில் ஒரு ஷீட்ஸூ ரக நாய். வீட்டுக்கே வேன் வந்து குரூமிங் செய்து போனார்கள். பில்லில் குளியல், முடிவெட்டு, நகம், பாத முடி என்று நான்கும் தனித்தனியாகப் போட்டிருந்தது. வீட்டுக்காரம்மா வேலையில் இருந்ததால் வாட்ஸ்அப்பில் வந்த நான்கு பாதப் போட்டோக்களைப் பார்த்துவிட்டுப் பணம் அனுப்பிவிட்டார். சில நாளில் நாய் முன்னங்காலைத் தூக்கித் தூக்கி நடந்தது. டாக்டர் முடியை விலக்கிப் பார்த்தால், மணிக்கட்டுக்குக் கீழே உள்ளோரம் இருக்கும் ட்யூ கிளா நகம் வட்டமாகச் சுருண்டு தோலுக்குள் இறங்கியிருந்தது. பேடு என்கிற பாதத்தின் அடி மெத்தைகளுக்கு நடுவே முடி கல் மாதிரி கட்டியாகிக் கிடந்தது. அந்த நகம் தரையைத் தொடுவதே இல்லை, அதனால் தேயாது. ஒரு குரூமர் முதலில் வெட்ட வேண்டியதே அதைத்தான்.

அந்த நான்கு போட்டோக்களிலேயே வேலை நடக்கவில்லை என்பது தெரிகிறது. பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் போட்டோ முன்னங்காலை மேலிருந்து எடுத்தது. விரல் முடியை உருண்டையாக, பொம்மைக் கால் போல வெட்டியிருக்கிறார்கள். அழகுதான், ஆனால் நகம் ஒன்றுகூடத் தெரியவில்லை. நகம் முன்னோக்கி வந்து கீழே வளைகிறது. மேலிருந்து பார்க்கும் கேமராவுக்கு அந்த வளைவின் கீழ்ப்பாதி தெரியவே தெரியாது. நேர் முன்னால் இருந்து எடுத்தாலோ நீள நகமும் ஒரு புள்ளியாகச் சுருங்கிவிடும். நீளத்தைச் சொல்லும் கோணம் ஒன்றுதான்: நாய் கெட்டியான தரையில் நிற்க, கேமரா தரை மட்டத்தில் பக்கவாட்டில் இருக்க வேண்டும். நகத்தின் நுனிக்கும் தரைக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் இடைவெளி தெரிந்தால் நீளம் சரி. நுனி தரையில் ஊன்றி விரலை மேலே தள்ளியிருந்தால் நீளம் அதிகம். நாய் படுத்திருக்கும்போதோ, காலைக் கையில் பிடித்தபடியோ எடுத்தால் பாதத்தில் எடையே இருக்காது. அந்தப் போட்டோவை வைத்து நீளத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. நான்காவது போட்டோ அப்படித்தான், மேஜையில் படுத்த நாயின் பின்னங்கால்.

இங்கே ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். வெட்டிய பிறகும் நகம் நீளமாகத் தெரிவதாலேயே ஏமாற்றிவிட்டார்கள் என்று ஆகாது. நகம் பல மாதம் வளர்ந்துகிடந்தால் உள்ளே ரத்த நாளமும் நரம்பும் உள்ள சதையும் சேர்ந்து நீண்டுவிடும். ஒரேயடியாக வெட்டினால் ரத்தம் கொட்டும். வாரம் பத்து நாளுக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாக நுனியை எடுத்தால்தான் அந்தச் சதை பின்வாங்கும். அதனால் நீளத்தை விட நுனியைப் பாருங்கள். புதிதாக வெட்டிய நகத்தின் நுனி தட்டையாக இருக்கும், ஓரம் கூராக இருக்கும், வெட்டுமுகம் வெளிறித் தெரியும். கறுப்பு நகத்தில் வெட்டுமுகத்தின் நடுவே கருமையான புள்ளி தெரிந்தால் சதைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ராவியிருந்தால் நுனி உருண்டு, மேலே நுண்ணிய கீறலும் பொடியும் இருக்கும். நடந்து தேய்ந்த பழைய நகமோ மழமழவென்று மழுங்கியிருக்கும். பெரிதாக்கிப் பார்த்தபோது நான்காவது போட்டோவில் இருந்த நகம் எல்லாமே இந்தக் கடைசி ரகம். கத்தரி பட்டதற்கான அடையாளமே இல்லை.

இரண்டாவதும் மூன்றாவதும் பாதத்தின் அடிப்பக்கம், இடது வலது என்று எழுதி அனுப்பியது. இரண்டிலும் நடுப் பெரிய பேடின் ஓரத்தில் ஒரே வடிவத்தில் இளஞ்சிவப்புத் திட்டு. ஒரு விரல் பேடில் ஒரே இடத்தில் வெட்டுத் தழும்பு. ஒரு போட்டோவை இடம் வலமாகப் புரட்டி இரண்டாவது கால் ஆக்கிவிட்டார்கள்! பேடின் நிறத்திட்டும் தழும்பும் காலுக்குக் கால் மாறும். அதனால் போட்டோ வந்ததும் முதலில் ஒப்பிட வேண்டியது அவற்றைத்தான். முன்னங்கால் பாதம் அகலம், பின்னங்கால் பாதம் ஒடுக்கம். மணிக்கட்டுக்குப் பின்னால் தனியாக ஒரு சின்ன பேடு தெரிந்தால் அது முன்னங்கால்.

அந்த அடிப்பக்கப் போட்டோவில் பேடு பளபளவென்று இருந்தது. நல்ல பேடு பளபளக்காது. சொரசொரப்பாக, ஒளி மங்கியே இருக்கும். தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவினால் வெடிப்பும் உரிந்த தோலும் சட்டென்று மறைந்துவிடும். பேடின் ஓரத்து முடி இழை இழையாக ஒட்டிக்கொண்டிருந்தால் எதையோ தடவியிருக்கிறார்கள், அல்லது ஈரம் காயவில்லை. தடவுவது தப்பில்லை, தடவுமுன் ஒரு போட்டோ வேண்டும். அதில் பேடின் விளிம்பில் முள்முள்ளாகத் தோல் தடித்திருக்கிறதா, வெடிப்பின் உள்ளே சிவப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். வெயிலில் சுட்ட தார் ரோட்டில் நடந்த நாய்க்கு மேல்தோல் உரிந்து, அந்த இடம் மட்டும் வழவழவென்று சிவந்திருக்கும். பேடு கறுப்பாக இருந்தால் இந்தச் சிவப்பு போட்டோவில் தெரியாது, நேரில்தான் பார்க்க வேண்டும்.

பாத முடி விஷயத்தில் ஏமாற்றுவது இன்னும் சுலபம். சுற்றியுள்ள முடியைக் கத்தரித்துவிட்டு நடுவில் உள்ள கட்டியைத் தொடாமல் விட்டுவிடுவார்கள். மண்ணும் ஈரமும் உண்ணியும் தங்குவது அந்தக் கட்டியில்தான். கட்டைவிரலால் பேடுகளை விரித்துப் பிடித்து எடுத்த போட்டோ இல்லாமல் 'எடுத்தாச்சு' என்பதை ஏற்க வேண்டாம். முடி பேடின் மட்டத்துக்கு இருந்தால் போதும். அதைவிட ஆழமாக மெஷினை விட்டுத் தோண்டினால் தோல் அறுபடும். வெள்ளை முடியில் துருநிறக் கறை இருந்தால் நாய் ரொம்ப நாளாக நக்குகிறது என்று அர்த்தம். அந்தக் கறை குளிப்பாட்டினால் போகாது, அதற்காகக் குரூமரைக் குறை சொல்ல முடியாது. விரலிடுக்கில் தோலே சிவந்திருந்தால் அது வேறு, டாக்டர் பார்க்க வேண்டியது. மஞ்சள் லைட்டில் எல்லாத் தோலும் சிவப்பாகத்தான் தெரியும். பாதத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைக்கச் சொல்லுங்கள். தாள் வெள்ளையாகத் தெரிகிற போட்டோவில் மட்டும் நிறத்தை நம்பலாம்.

வேலையை ஒப்படைக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்: ஜன்னல் வெளிச்சம், பிளாஷ் வேண்டாம், போர்ட்ரெய்ட் மோடு வேண்டாம், அது நக நுனியை மங்கலாக்கிவிடும். போனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தரையை ஒட்டி வரும். ரொம்பக் கிட்டே கொண்டுபோனால் முன்னால் இருக்கிற விரல் பெருத்து, மற்றவை சிறுத்துத் தெரியும். ஒரு அடி தள்ளி வைத்து இரண்டு மடங்கு ஜூம் செய்தால் போதும். ஒவ்வொரு காலுக்கும் பக்கவாட்டில் ஒன்று, விரித்த அடிப்பக்கம் ஒன்று, ட்யூ கிளா இருந்தால் அதற்கு ஒன்று. பின்னங்காலில் அது சில நாய்களுக்குத்தான் இருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த தேதி விவரமும் போய்விடும். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். அதைவிட நல்லது, நாயின் முகத்தில் தொடங்கி நான்கு பாதத்தையும் வெட்டில்லாமல் ஒரே வீடியோவாகக் காட்டுவது. அதில் படத்தைப் புரட்டி ஏமாற்ற வழியில்லை.

முன்பணம் கேட்டால் குளியலுக்கு மட்டும் கொடுங்கள். நகத்துக்கும் பாத முடிக்கும் உரிய காசு அந்த வீடியோ வந்த பிறகு. சுருண்டு தோலுக்குள் போன நகம் படத்தில் தெரிந்தால் குரூமரிடமும் விடாதீர்கள், வீட்டிலும் வெட்டாதீர்கள். நகத்தை வெட்டி வெளியே இழுத்த பிறகு உள்ளே காயமும் சீழும் இருக்கலாம். அதைச் சுத்தம் செய்து மருந்து கொடுக்க வேண்டியது கால்நடை மருத்துவர்.