எஸ்எஸ்டியைக் ‘கழுவித் தருகிறேன்’ என்றால் கொடுத்துவிடாதீர்கள்

கல்யாண வீடியோ எடிட் செய்வது என் தொழில், வீடு பெங்களூரு அல்சூரில். 480 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை யுஎஸ்பி கேஸில் போட்டு, ஒவ்வொரு கல்யாணத்துக்கும் நிரப்புவேன், வேலை முடிந்ததும் அழிப்பேன். நொடிக்கு 400 எம்பி எழுதிக்கொண்டிருந்தது, போன மாதம் பாதி காலியாக இருக்கும்போதே 35-க்கு இறங்கிவிட்டது. எஸ்பி ரோட்டில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன்.

“சார், நீங்க அழிச்ச ஃபைலெல்லாம் உள்ளேயேதான் கெடக்கு. கழுவி எடுத்தாத்தான் இடம் திரும்பும்” என்றார். 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு மறுநாள் தந்தார். வேகம் அதே 35.

CrystalDiskInfo-வைத் திறந்து பார்த்தேன். டிரைவில் இதுவரை மொத்தம் எவ்வளவு எழுதியிருக்கிறது என்பதை Total Host Writes என்று அது காட்டும். கடைக்குப் போகும் முன் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டில் அது 5,212 GB. இப்போது 6,555, அதாவது 1,343 கூடியிருக்கிறது. விண்டோஸ் கணக்கில் இந்த எஸ்எஸ்டி 447 ஜிபி. அதை மூன்றால் பெருக்கினால் 1,341. போன் செய்து கேட்டேன். முழுக்க மூன்று தடவை பூஜ்ஜியம் எழுதினோம் என்று ஒத்துக்கொண்டார்.

அவர் சொன்னதில் பாதிதான் உண்மை. ஃபைலை அழித்ததுமே விண்டோஸ் அந்த இடத்தைக் காலி என்று குறித்துக்கொள்ளும். இடம் அப்போதே கிடைத்துவிடும், எந்தக் கழுவலும் வேண்டாம். ஆனால் இந்த விஷயம் எஸ்எஸ்டிக்குத் தெரியாது. ஃபிளாஷில் எழுதியதன் மேலேயே மறுபடி எழுத முடியாது, முதலில் துடைக்க வேண்டும். எழுதுவது சில கேபி அளவுள்ள பக்கங்களாக, துடைப்பதோ பல எம்பி அளவுள்ள பிளாக்குகளாக. அதனால் ஒரு பிளாக்கைத் துடைக்கும் முன், நீங்கள் எப்போதோ அழித்த வீடியோவையும் உயிருள்ளது என்று நம்பி வேறிடத்துக்குத் தூக்கிச் சுமக்கும். வேகம் போவதும் ஆயுள் தேய்வதும் இந்தச் சுமையால்தான். “இதெல்லாம் இனி வேண்டாம்” என்று விண்டோஸ் அதற்குச் சொல்லும் செய்திதான் டிரிம். பூஜ்ஜியத்தால் நிரப்பினால் மொத்த டிரைவுமே வேண்டிய தரவு போல ஆகிவிடும். காசு வாங்கிக்கொண்டு நோயை அதிகமாக்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

சரி, என் டிரைவுக்கு டிரிம் ஏன் போய்ச் சேரவில்லை? பவர்ஷெல்லை அட்மினாகத் திறந்து இதைக் கொடுத்தேன்:

```
Optimize-Volume -DriveLetter E -ReTrim -Verbose
```

வன்பொருள் இதை ஆதரிக்கவில்லை என்று பிழை வந்தது. விலை மலிவான அந்த யுஎஸ்பி கேஸ் டிரிம்மைக் கடத்தவே இல்லை. `fsutil behavior query DisableDeleteNotify` கொடுத்தால் 0 என்று வரும், அதை மட்டும் நம்பாதீர்கள். விண்டோஸ் அனுப்பத் தயார் என்பதுதான் அதற்குப் பொருள், டிரைவுக்குப் போய்ச் சேர்கிறதா என்பதை அது சொல்லாது.

எஸ்எஸ்டியைக் கழற்றி, டெஸ்க்டாப்பில் நேராக சாட்டா கேபிளில் மாட்டி அதே கட்டளையைக் கொடுத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கொஞ்ச நேரம் சும்மா விட்டுவிட்டு 60 ஜிபி வீடியோவை ஏற்றிப் பார்த்தேன், 400-ஐ ஒட்டியே போனது. ஒன்று மட்டும் கவனம்: தவறுதலாக அழித்த ஃபைல் ஏதாவது வேண்டுமென்றால் முதலில் அதை மீட்டுக்கொள்ளுங்கள், டிரிம் ஆனபிறகு அநேகமாகக் கிடைக்காது.

ஸ்கிரீன்ஷாட்டுகளோடு கடைக்குப் போனேன். “செஞ்ச வேலைக்குத்தான் காசு” என்று சொல்லித் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். அடுத்து நின்றவர் கையிலும் ஓர் எஸ்எஸ்டி இருந்தது. அவரை வெளியே கூப்பிட்டு இதையெல்லாம் சொல்லி அனுப்பினேன்.